குறளா, ஆத்திசூடியா, பழமொழியா? நண்பனின் பிறந்தநாளுக்கு எதை வளைப்பது

நண்பனுக்குப் பிறந்தநாள் வருகிறது. கேக் படமும் பலூன் படமும் போட்டு ஒரு வாழ்த்து அனுப்பலாம், அன்றைக்கு வரும் இருபது வாழ்த்துகளில் அதுவும் ஒன்றாகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாசகத்தை அவனுக்கென்று கொஞ்சம் வளைத்து அனுப்பினால், அடுத்த வருடம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். எதை வளைப்பது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கையில் அகப்பட்ட குறளை எடுத்து, நடுவில் அவன் பெயரைச் செருகி, அனுப்பிவிடுகிறார்கள். படிக்கிறவனுக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒரு நண்பனை வைத்தே பார்ப்போம். ஹட்டனில் போர்டிங்கில் தங்கி எங்களோடு படித்தவன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது கொழும்பில் வேலை, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவான். அவனிடம் எல்லோருக்கும் தெரிந்த குணங்கள் மூன்று. எத்தனை மழையானாலும் குடை கொண்டுவர மாட்டான், பக்கத்தில் நடப்பவனின் குடைக்குள் வந்துவிடுவான். வீட்டைவிட்டு இறங்குவதற்கு முன்பே "வந்துட்டேன் மச்சான்" என்று மெசேஜ் போடுவான். கொழும்புக்குப் போனதிலிருந்து ரொட்டியைக் கண்டால் "இன்னைக்கும் ரொட்டியா?" என்று முகம் சுளிப்பான். பிறந்தநாள் ஜூலையில்.

இவனுக்கு எது பொருந்தும் என்று பார்க்குமுன் ஒரு சோதனை. மூல வாசகத்தின் முதல் பாதியை யாரிடமாவது சொல்லி நிறுத்துங்கள். அவர் தானாகவே மறுபாதியைச் சொன்னால் அது வளைக்கத் தகுந்த வாசகம். "அப்புறம்?" என்று கேட்டால் விட்டுவிடுங்கள். கேட்கிறவர் காதில் மூலமும் ஓட வேண்டும், நீங்கள் சொன்னதும் ஓட வேண்டும். இரண்டும் உரசும் இடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. மூலம் தெரியாதவருக்கு நீங்கள் அனுப்பியது ஏதோ ஒரு விசித்திரமான வாக்கியம், அவ்வளவுதான்.

முதலில் பழமொழி. இதுதான் எளிது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பதை எடுத்துக்கொண்டால் நம் ஆளின் இரண்டாவது குணம் அதற்குள் அப்படியே போய் உட்காருகிறது:

ஆளு வரும் பின்னே, "வந்துட்டேன்" வரும் முன்னே.

பின்னே, முன்னே என்ற இரண்டு சொற்களும் "வரும்" என்பதும் மாறவில்லை. அதனால் யானையையும் மணியையும் எடுத்த பிறகும் மூலம் காதில் கேட்கிறது. பழமொழிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது பேச்சு வழக்கில் வாழ்வது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றியே சொல்வார்கள், ஆகவே நாமும் மாற்றினால் யாருக்கும் உறுத்தாது. குழுவில் சிங்கள மொழிமூலம் படித்த நண்பர்கள் இருந்தாலும், தமிழ் வாசிக்கத் தடுமாறினாலும், குரல் பதிவில் கேட்டால் விளங்கிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கும் விளங்கும்.

குறையும் அதே இடத்தில்தான். அது சுலபமாக வருவதால் சுலபமாகவே போய்விடும். ஒரு வரி, ஒரு சிரிப்பு, முடிந்தது. பிறந்தநாளுக்கென்று யாரோ மெனக்கெட்டார்கள் என்ற உணர்வை அது தருவதில்லை. அவன் லேட்டாக வரும் எந்த நாளிலும் அதைச் சொல்லலாம், பிறந்தநாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது ஆத்திசூடி. அகர வரிசைதான் இதன் பலம். "அறம் செய விரும்பு" என்று தொடங்கியதும் அடுத்து ஆ, அதற்கடுத்து இ என்று மனம் தானாகவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் மூலம் முழுதாக நினைவில் இருக்க வேண்டும் என்றில்லை, எழுத்தும் "ஏல்" என்ற முடிவும் இருந்தால் போதும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து செய்வதற்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. ஆளுக்கு ஓர் எழுத்தைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். எங்கள் ஆளுக்கு இப்படி வருகிறது:

அலாரத்தை ஏசேல்.
ஆறவிட்டுக் குடியேல்.
இரவல் மறவேல்.
ஊறுகாய் கைவிடேல்.
எங்கம்மா ரொட்டி இகழேல்.
ஐசிங் இட்டுண்.

இவற்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பாருங்கள். முதல் இரண்டும் சும்மா புத்திமதி. எந்த வரியின் மேலும் அவை உட்காரவில்லை, எழுத்து மட்டும் பொருந்துகிறது. "இரவல் மறவேல்" கொஞ்சம் பரவாயில்லை. "நன்றி மறவேல்" என்பதன் எதிரொலி அதில் இருக்கிறது. ஆனால் கடைசி மூன்றும் வேறு தரம். "ஊக்கமது கைவிடேல்" என்பதில் ஒரு சொல் மட்டும் மாறி ஊறுகாய் ஆகிறது. போர்டிங்கில் சோற்றுக்குத் துணையாக வீட்டிலிருந்து வந்த அந்தப் போத்தல் இல்லாமல் எங்களில் யாரும் ஒரு தவணையை ஓட்டியதில்லை. "எண் எழுத்து இகழேல்" என்பதில் எண்ணும் எழுத்தும் போய் ரொட்டி வந்து நிற்கிறது. "ஐயம் இட்டு உண்" என்றால் இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு என்று பொருள். "ஐசிங் இட்டுண்" என்றாலும் ஏறக்குறைய அதே பொருள்தான்: கேக்கை வெட்டியதும் முதல் துண்டை எங்களுக்குக் கொடு. மூலத்தின் கருத்தும் கெடாமல், நம்முடைய கேலியும் நிற்கும் இடங்கள் அபூர்வமாகத்தான் அமையும். அமைந்தால் விட்டுவிடக் கூடாது.

ஆத்திசூடியில் தவறிப் போவது பெரும்பாலும் நீளத்தால். உயிரெழுத்து பன்னிரண்டையும் நிரப்பியே தீருவேன் என்று உட்கார்ந்தால் ஏழாவது வரியில் கேலி அதட்டலாக மாறிவிடும். செய்யாதே, பேசாதே, மறக்காதே என்று ஒரு டசன் தடவை கேட்டால் யாருக்குத்தான் பிறந்தநாள் மாதிரி இருக்கும்? ஐந்து அல்லது ஆறு வரியில் நிறுத்துங்கள். விடுபட்ட எழுத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி வரி மட்டும் "ஏல்" என்று முடியாமல், "உண்" என்பது போல ஒன்றைச் செய்யச் சொல்வதாக இருக்கட்டும். அதுவே வாழ்த்துக்குத் திரும்பும் வழி.

இனி குறள். எனக்கு இதன் மேல்தான் ஆசை, ஆனால் மூன்றிலும் கடினம் இதுதான். ஏழே சீர்கள், அதில் ஒன்று தடுமாறினாலும் காது உடனே பிடித்துவிடும். நட்பைப் பற்றிய குறள் என்றதும் பலரும் "முகநக நட்பது நட்பன்று" என்பதைத்தான் எடுப்பார்கள், எடுத்தவுடன் முகநக என்பதை முகநூல் ஆக்குவார்கள். அது எல்லோருக்கும் தோன்றுவது. அதே அதிகாரத்தில் 788 ஆவது குறள் இருக்கிறது:

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு.

உடை நழுவும்போது கை யோசிக்காமல் ஓடிப் போய்ப் பிடிக்கும், அந்த வேகத்தில் நண்பனின் துன்பத்தைத் தீர்ப்பதே நட்பு. சோதனையில் இது சுலபமாகத் தேறும். "உடுக்கை இழந்தவன்" என்று சொல்லி நிறுத்தினால் பள்ளிக்கூடம் போன எவரும் மீதியை முடிப்பார்.

இதை இரண்டு வழியில் வளைக்கலாம். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது முதல் வழி:

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் கொடுப்பதாம் நட்பு.

களைவதாம் என்பது கொடுப்பதாம் ஆகிவிட்டது. அசை பிரித்தால் களை-வதாம், கொடுப்-பதாம், இரண்டுக்கும் ஒரே அளவு. ஆறாவது சீர் வரைக்கும் கேட்பவர் மூலக் குறள் என்றே நம்பியிருப்பார், அங்கே கால் தடுக்கும். குரல் பதிவில் சொல்வதானால் "இடுக்கண்" என்ற பிறகு ஒரு மூச்சு நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். இது நன்றாகவே இருக்கிறது. ஆனால் யாருடைய பிறந்தநாளுக்கும் இதை அனுப்பலாம். எங்கள் ஆளின் முகம் இதில் இல்லை.

அவனுடைய குடை விஷயத்தை உள்ளே கொண்டுவருவது இரண்டாவது வழி. முதலில் மனதில் வருவது இப்படித்தான் வரும்: "குடை கொண்டுவர மறந்துபோனவன் கையைப் போலவே". பொருள் சரி, ஆனால் குறள் செத்துவிட்டது. ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாலே தெரியும், இது பேச்சு வாக்கியம். மூலத்தின் அளவுக்கே திரும்ப வேண்டும். உடுக்-கை என்ற இடத்தில் குடை-யை. இழந்-தவன் என்ற இடத்தில் மறந்-தவன். இரண்டும் அசைக்கு அசை பொருந்துகின்றன. "கைபோல ஆங்கே" என்பதைத் தொடவே கூடாது, இந்தக் குறளை அடையாளம் காட்டுவதே அந்த இரண்டு சொற்கள்தான். முதல் சொல்லிலேயே மாற்றம் வந்துவிட்டதால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார், "கைபோல ஆங்கே" வந்ததும் "ஓ, அந்தக் குறளா" என்று பிடித்துக்கொள்வார்.

இரண்டாம் அடிக்கு எதுகை வேண்டும். மூலத்தில் உடுக்கைக்கு இடுக்கண். குடைக்கு இடை என்று சட்டென்று வந்து நிற்கும்: "இடையில் நுழைவதாம் நட்பு". அளவு அச்சாகப் பொருந்துகிறது, இடுக்கண்ணின் இகரமும் கிடைக்கிறது. ஆனாலும் வேண்டாம். மேலே "கை" இருக்கிறது, கீழே "இடை" வந்தால் இடுப்பு என்று படிப்பதற்கு ஒருவராவது இருப்பார், குடும்பக் குழுவில் அது அசிங்கமாகிவிடும். இரட்டைப் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கு, எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதே நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தான் நினைத்த பொருள் மட்டும்தான் தெரியும். குடையையே திரும்பக் கொண்டுவந்தால் சிக்கல் தீர்கிறது:

குடையை மறந்தவன் கைபோல ஆங்கே
குடையில் நுழைவதாம் நட்பு.

எதுகையோடு மோனையும் சேர்ந்துவிட்டது. வெண்பாவின் தளை எங்கும் தட்டவில்லை. குறளில் ஒரே சொல் திரும்ப வருவது புதிதும் இல்லை, முகநக நட்பது என்ற குறளிலேயே நட்பு எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். தோழிக்கு அனுப்புவதானால் மறந்தவள், வயதில் மூத்தவருக்கானால் மறந்தவர். இரண்டும் அதே அளவுதான், வேறெதையும் மாற்ற வேண்டாம். பெண் பிள்ளைக்கு உடை நழுவும் குறளை அப்படியே அனுப்புவதில் இருக்கும் சங்கடமும் இதில் இல்லை.

இந்தக் குறள் எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் செல்லாது. ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் குடையில்லாமல் கடைக்குக்கூட இறங்க முடியாது. அதே ஜூலையில் பண்டாரவளையில் மழை குறைவு, காற்றுத்தான் சுழன்றடிக்கும். பதுளைப் பக்கத்து நண்பனுக்கு ஜூலையில் இதை அனுப்பினால் "எந்த மழை மச்சான்?" என்று கேட்பான். அவனுக்கு வருடக் கடைசியில் பிறந்தநாள் என்றால் தாராளமாக அனுப்பலாம்.

தொடாமல் விட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற புறநானூற்று வரி சோதனையில் முதலிடம் வாங்கும், வளைப்பதற்கும் லேசானது. நான் அதை மலையகத்தில் வளைக்க மாட்டேன். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1964 இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்கு பிரித்தபோது கப்பலேறிய சொந்தங்கள் இல்லாத லயம் கிடையாது. அந்த வரியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தொனி வேறு. கேக்குக்காக அதைத் தொட எனக்கு மனமில்லை.

தோட்டத்துச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். "பேர் போடுவது" என்றால் அன்றைக்கு முழுநாள் வேலை கணக்கில் ஏறுவது. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். லேட்டாக வருகிறவனை "இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான்" என்று கேலி பண்ணுவது தோட்டத்துக்குள் வளர்ந்தவர்களுக்கிடையில் சகஜம். ஆத்திசூடியில் "அரைப்பேர் வாங்கேல்" என்று ஒரு வரி அழகாகவே உட்காரும். ஆனால் அந்தக் குழுவில் இன்னமும் கூடை சுமக்கும் ஓர் அம்மா இருந்தால், அன்று காலைதான் தராசில் நின்று அரைப்பேரோடு திரும்பியிருந்தால், அந்த வரி அவருக்கு எப்படிக் கேட்கும்? வெளியிலிருந்து பழகும் நண்பர்கள் இதைத் தொடவே வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளும் தங்களுக்குள் இருக்கும் சின்னக் குழுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேலை கிடைக்காதது, கல்யாணம் தள்ளிப்போவது, உடம்பு, நிறம், இவற்றைப் பற்றியும் பேச்சே வேண்டாம். ஒருவன் தானாகச் செய்வதைக் கேலி செய்யலாம், அவனுக்கு நேர்ந்ததைச் செய்யக் கூடாது. குடையை மறப்பது அவனாகச் செய்வது.

எங்கள் ஆளுக்கு என் தீர்ப்பு குறள்தான். மூன்று குணங்களில் ஒன்றை மட்டும்தான் அது தொடுகிறது என்பது உண்மை. ஆத்திசூடி எல்லாவற்றையும் தொடும். ஆனால் அவனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் குடையைத்தான் சொல்வோம். அதற்குமேல், குடைக்குள் நுழைவது நட்பு என்று அந்த அடி முடிகிறபோது கேலி பாசமாகத் திரும்பிவிடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை. நண்பனிடம் அப்படி ஒற்றைக் குணம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, சின்னச் சின்னதாகப் பல இருக்கின்றன என்றால் ஆத்திசூடி எடுங்கள். நேரமில்லை, பிறந்தநாள் இன்றைக்குத்தான் என்று காலையில்தான் ஞாபகம் வந்தது என்றால் பழமொழி.

குறளை அனுப்பும்போது எண்ணும் போடுங்கள். திருக்குறளில் இருப்பவை 133 அதிகாரம், 1330 குறள். ஆகவே இது 134 ஆவது அதிகாரம், 1331 ஆவது குறள். இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. இப்படிப்பட்டவை குழுவுக்குக் குழு தாவும்போது யாராவது ஒருவர் வள்ளுவர் சொன்னதாகவே நம்பிவிடுவார், எண்ணைப் பார்த்தால் நம்ப மாட்டார். கீழே உரை ஒன்றும் வேண்டும். பாடப்புத்தகத்தில் வருவது போலவே, கொஞ்சமும் சிரிக்காமல் எழுதியதாக இருக்க வேண்டும். முழுச் செய்தி இப்படி:

அதிகாரம் 134: குடைநட்பு
குறள் 1331

குடையை மறந்தவன் கைபோல ஆங்கே
குடையில் நுழைவதாம் நட்பு.

பொருள்: மழை தொடங்கியதும் குடை கொண்டுவராதவனுடைய கை எவ்வளவு விரைவாக அடுத்தவன் குடையை நோக்கி நீளுமோ, அவ்வளவு விரைவாக அக்குடைக்குள் புகுந்து, உரியவனை நனையவிடுவதே சிறந்த நட்பாகும்.

பிறந்தநாள் வாழ்த்துகள் மச்சான். இந்தத் தடவை பெரிய குடையா வாங்கியிருக்கோம்.

மூலக் குறளைக் கூடவே போட வேண்டாம். அதைப் போட்டால்தான் விளங்கும் என்ற நிலை இருந்தால், குறள் அந்த ஆளுக்கு ஏற்றது இல்லை என்று அர்த்தம், பழமொழிக்குப் போய்விடுங்கள். அனுப்புமுன் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் போனில் "ஆங்கே" தனியாகக் கீழே விழும், அடி மூன்றாகிக் குறளின் உருவமே போய்விடும். அப்படியானால் படமாக்கி அனுப்புவது நல்லது.

ஆத்திசூடி வரி வீணாகவில்லை. "ஐசிங் இட்டுண்" கேக்கின் மேல் போவதற்கென்றே பிறந்த வரி, குறள் அங்கே அடங்காது. கேக் போடும் கடையில் சொல்லும்போது வாயால் சொல்லாமல் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ங், ட், ண் என்று மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஐசிங் குழாயின் வாய் பெரிதாக இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், "ஐசிங இடடுண" என்று கேக் வந்து சேரும். சின்ன வாய்க் குழாயால், எழுத்து ஒரு நிறத்திலும் புள்ளி இன்னொரு நிறத்திலும் போடச் சொன்னால் இந்தப் பிரச்சினை வராது.